வட்டியைக் குறைத்தால் முதலீடு பெருகுமா?

(பூவாரில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும்போதெல்லாம், இனி முதலாளிகள் கடன் வாங்குவார்கள், ஆலைகள் எழும், வேலை பெருகும் என்று ஆட்சியாளர்கள் சொல்கிறார்கள். இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. எந்தப் பகுதி உண்மை என்பதை அறிய, பொருளாதாரத்தில் 'முடுக்கி விளைவு' எனப்படுவதைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலீடு உற்பத்தியின் அளவைச் சார்ந்ததன்று; உற்பத்தி எவ்வளவு கூடுகிறது என்பதைச் சார்ந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜே. எம். கிளார்க் 1917-லேயே இதை விளக்கினார்.

பாறசாலை வழியே நாள்தோறும் செல்லும் லாரிகளை நீங்கள் பார்க்கிறீர்கள். அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு வட்டாரத்தில் தினமும் 1,000 டன் சரக்கு செல்கிறது. ஒரு லாரி 10 டன் ஏற்றுகிறது. ஆக, 100 லாரிகள் தேவை. ஆண்டுக்குப் பத்து லாரிகள் தேய்ந்து கழிகின்றன. அவற்றுக்கு ஈடாகப் பத்து லாரிகள் வாங்கப்படுகின்றன. மறு ஆண்டு சரக்கு 1,100 டன்னாகிறது. இப்போது 110 லாரிகள் வேண்டும். கழிவுக்குப் பத்து, வளர்ச்சிக்குப் பத்து என இருபது வாங்க வேண்டும். சரக்கு கூடியதோ பத்து சதவீதம்; லாரி ஆலைக்கு வந்த ஆர்டரோ இரு மடங்கு!

அடுத்த ஆண்டும் சரக்கு 1,100 டன்னிலேயே நிற்கிறது. ஒரு டன்கூடக் குறையவில்லை. ஆயினும் ஆர்டர் இருபதிலிருந்து பத்தாகச் சரிகிறது. வளர்ச்சி நின்றதே ஆலைத் தொழிலாளியின் வேலையைப் பறிக்கப் போதுமானது.

வட்டிக் குறைப்பின் வலிமை இங்கேதான் இருக்கிறது. கடன் மலிவானால் சிலர் வீடு கட்டுவார்கள். சிமெண்டும் கல்லும் கூடுதலாக ஓடும். லாரிகள் ஏற்கெனவே முழுச் சுமையுடன் ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் சிறு கூடுதல் பெரும் ஆர்டராக மாறும். ஆலையில் ஆள் எடுப்பார்கள். அவர்களது கூலி மீண்டும் சந்தைக்கு வரும். சாமுவேல்சன் 1939-இல் பெருக்கியையும் முடுக்கியையும் இணைத்துக் காட்டிய சுழற்சி இதுவே. ஆனால் பாதி லாரிகள் சும்மா நின்றால்? கூடுதல் சரக்கை அவையே சுமந்துவிடும். புதிய லாரிக்குத் தேவை எழாது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2018 ஜூலையில் ஒன்றிய அரசு கனரக வாகனங்களின் அச்சுச் சுமை வரம்பைச் சுமார் 20 சதவீதம் உயர்த்தியது. நம் கணக்கில் ஒரு லாரி 12 டன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,100 டன்னுக்கு 92 லாரிகள் போதும். பத்து கழிந்தபின்னும் கையில் 100 இருக்கும். அந்த ஆண்டு ஒரு லாரிகூட வாங்க வேண்டியதில்லை. இதனுடன் பொது மந்தமும், ஐஎல்&எஃப்எஸ் வீழ்ச்சிக்குப் பின் நிதி நிறுவனங்களில் ஏற்பட்ட கடன் நெருக்கடியும் சேர்ந்துகொண்டன.

2019 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ரெப்போ வட்டி ஐந்து முறை குறைக்கப்பட்டு, 6.5 சதவீதத்திலிருந்து 5.15 சதவீதமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அசோக் லேலண்ட் நிறுவனம் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்கள் வேலையில்லா நாட்களாக அறிவித்தது.

வட்டி ஏன் உதவவில்லை? 25 லட்ச ரூபாய்க் கடனுக்கு 1.35 சதவீதக் குறைப்பு முழுவதும் கிடைத்தால்கூட, ஆண்டுக்கு 33,750 ரூபாய், மாதம் சுமார் 2,800 ரூபாய் மிச்சம். சரக்கின்றி நிற்கும் லாரியின் மாதத் தவணைக்கு முன் இது எம்மாத்திரம்? பழைய கடன்காரருக்கு அது ஓரளவு ஆறுதல் தரலாம். புதிய லாரி வாங்கக் காரணம் ஆகாது.

அந்த நேரத்தில் இந்தியத் தொழிற்சாலைகள் தம் உற்பத்தித் திறனில் சுமார் 69 சதவீதத்தையே பயன்படுத்தின என்பது ரிசர்வ் வங்கியின் சொந்த ஆய்வு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எந்திரம் உறங்குகையில் எவர் புதிய எந்திரம் வாங்குவார்? அப்போதும் அரசு மக்களின் கையில் பணம் சேர்க்கவில்லை. செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. லாபம் கூடினாலும் விற்பனை கூடவில்லை என்றால் முடுக்கி அசையாது.

2025-இலும் ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாக இறக்கப்பட்டது. எனவே வட்டிக் குறைப்புச் செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். நிறுவப்பட்ட திறனில் எவ்வளவு ஓடுகிறது? உழைப்பவரின் வாங்கும் சக்தி கூடுகிறதா? முடுக்கி ஓர் இயக்கத்தைப் பெரிதாக்கும். நின்றுபோனதைத் தானே தொடங்கி வைக்காது. தொடங்கி வைப்பது கூலி உயர்வும், ஊரக வேலைவாய்ப்பும், அரசின் நேரடி முதலீடும்தான். அவற்றுக்கான போராட்டம் வெறும் நிவாரணக் கோரிக்கை அன்று. முதலீடு பெருகுவதற்கான முன்நிபந்தனையும் அதுவே.