டாலர் ஏறும்போது கணக்கில் மிஞ்சுவது எது?



இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தபோது ஒரே வாக்கியம் பலவற்றில் தொடக்கமாக இருந்தது: ரூபாய் மதிப்பு குறைந்தால் மென்பொருள் சேவை ஏற்றுமதியாளர்களின் வருவாய் கூடும். இது உண்மைதான். ஆனால் கூடுவது எவ்வளவு, கூடியது எத்தனை நாள் நிற்கிறது, பிறகு யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடினால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் வரும். இந்தத் தலைமை உரையில் ஒரே ஒரு கணக்கை உங்கள் முன் வைத்து, அதை மெல்ல நடத்திக் காட்ட விரும்புகிறேன்.

சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து ஆண்டுக்கு 1 கோடி டாலர் ஈட்டுகிறது. டாலர் 80 ரூபாய். ஆகவே வருவாய் 80 கோடி ரூபாய். அமெரிக்காவிலேயே இருந்து வேலை செய்யும் ஆன்சைட் ஊழியர்களின் சம்பளம், விசாச் செலவு, அங்குள்ள அலுவலகம் எல்லாம் சேர்ந்து 45 லட்சம் டாலர், அதாவது 36 கோடி ரூபாய். சென்னையில் தரும் சம்பளம், வாடகை, மின்சாரம் ஆகியவை 28 கோடி ரூபாய். மிச்சம் 16 கோடி. லாப விகிதம் 20 சதவீதம்.

இப்போது டாலர் 88 ரூபாயாகிறது. வருவாய் 88 கோடி. ஆன்சைட் செலவும் டாலரில்தான் என்பதால் அதுவும் 39.6 கோடியாக ஏறுகிறது. சென்னைச் செலவு மட்டும் 28 கோடியிலேயே நிற்கிறது. மிச்சம் 20.4 கோடி, லாப விகிதம் 23.2 சதவீதம். வாடிக்கையாளர் ஒரு காசு கூடுதலாகத் தரவில்லை, ஓர் ஊழியர் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்கவில்லை. ஆனாலும் லாபத்தில் 4.4 கோடி கூடிவிட்டது.

இந்த 4.4 கோடியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய லாபமான 16 கோடி என்பது 20 லட்சம் டாலர். அதையே புதிய விலையில் மாற்றினால் 17.6 கோடி. ஆக, 1.6 கோடி வெறும் அளவுகோல் மாறியதால் வந்தது. மீதி 2.8 கோடிதான் உண்மையான ஆதாயம். அது 28 கோடியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்பதைக் கவனியுங்கள். டாலரோடு சேர்ந்து ஏறாமல் நின்றுவிட்ட சென்னைச் செலவுதான் அந்த ஆதாயத்தின் ஊற்று. அந்தச் செலவில் மிகப் பெரும் பகுதி சம்பளம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ரூபாய்ச் செலவு வருவாயில் எத்தனை பங்கோ, அந்த அளவுக்குத்தான் லாப விகிதம் அசையும். நம் நிறுவனத்தில் அது நூற்றுக்கு 35. எனவே டாலர் 1 சதவீதம் ஏறினால் லாப விகிதம் ஏறத்தாழ 0.35 சதவீதப் புள்ளி கூடும். முழு வருவாயும் டாலரில் வருகிறது, ஆகவே முழு வருவாய்க்கும் ஆதாயம் என்று எழுதுகிறவர்கள் ஆன்சைட் செலவை மறந்துவிடுகிறார்கள்.

இனி, இந்த ஆதாயம் தடைபடும் இடங்களுக்கு வருவோம்.

முதல் இடம், நிறுவனத்தின் நிதிப் பிரிவிலேயே இருக்கிறது. நாளை வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலை பேசி வங்கிக்கு விற்று வைப்பதை ஃபார்வர்டு ஒப்பந்தம் என்கிறோம். நம் நிறுவனத்துக்கு ஆன்சைட் செலவு போக ரூபாயாக மாற்ற வேண்டியது 55 லட்சம் டாலர். அதில் பாதியை, 27.5 லட்சத்தை, 82 ரூபாய்க்கு முன்கூட்டியே விற்றிருந்தால், சந்தையில் 88 இருக்கும்போதும் அதற்கு 82 தான் கிடைக்கும். டாலருக்கு 6 ரூபாய் வீதம் 1.65 கோடி கைக்கு வராது. 4.4 கோடி 2.75 கோடியாகிவிடும். பழைய ஒப்பந்தங்கள் காலாண்டுக்குக் காலாண்டு முடிந்து புதியவை 88ஐ ஒட்டி எழுதப்படும்போதுதான் மீதி ஆதாயம் வந்து சேரும். ஆக, இது ஆதாயத்தை விழுங்குவதில்லை, தள்ளிப்போடுகிறது.

ஆனால் ஒப்பந்தக் காலம் நீண்டால் கதை வேறு. 2007ஆம் ஆண்டில் டாலர் ஏறத்தாழ 44 ரூபாயிலிருந்து 39க்கு இறங்கியது. இன்னும் இறங்கும் என்று அஞ்சி, பல ஆண்டுகளுக்கான டாலரை 40 ரூபாயை ஒட்டி விற்று வைத்தவர்கள், 2008 இறுதியில் டாலர் 50 ரூபாயைத் தொட்டபோது அந்த ஏற்றத்தை வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது இடம், எந்த நாணயத்துக்கு எதிராக ரூபாய் சரிகிறது என்பது. நம் நிறுவனங்கள் பவுண்டிலும் யூரோவிலும் பில் போடுகின்றன. 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் ஆண்டுத் தொடக்கத்தில் 75 ரூபாய்க்கு அருகில் இருந்தது; அக்டோபரில் 83ஐத் தொட்டது. அதே காலத்தில் பவுண்டு 100 ரூபாயை ஒட்டியிருந்து செப்டம்பரில் 90க்கும் கீழே போனது. யூரோவும் ரூபாய்க்கு எதிராக இறங்கியது. அந்த ஆண்டு ரூபாய் சரிந்தது என்பதைவிட டாலர் வலுத்தது என்பதே சரியான விவரிப்பு. லண்டன் வாடிக்கையாளரை நம்பியிருந்த நிறுவனத்துக்கு அது நட்டக் காலம். ‘கான்ஸ்டன்ட் கரன்சி’ என்று காலாண்டு அறிக்கைகளில் தனியாக ஒரு வளர்ச்சி விகிதம் தருவது இதற்காகத்தான்: முந்தைய காலத்து நாணய விலைகளே நீடித்திருந்தால் வியாபாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதை அது சொல்கிறது.

மூன்றாவது இடம், வாடிக்கையாளரின் மேசை. அவரது கொள்முதல் பிரிவும் ரூபாய் விலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குக் கிடைத்த ஆதாயம் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள நம் போட்டியாளர்களுக்கும் அதே நாளில் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் யாராவது ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவர்களும் குறைத்தாக வேண்டும். நம் நிறுவனம் 3 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று வையுங்கள். வருவாய் 97 லட்சம் டாலர், 88 ரூபாய் வீதம் 85.36 கோடி. லாபம் 17.76 கோடி. டாலரில் பார்த்தால் 20.2 லட்சம், கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தள்ளுபடி ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. டாலர் விலை அப்படி எழுதப்படுவதில்லை. 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர், அமெரிக்க மத்திய வங்கி தன் கடன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் 62ஐ ஒட்டி இறங்கிவிட்டது. உச்சத்தை நம்பி விலை குறைத்தவருக்கு என்ன ஆகும்? நம் கணக்கில் டாலர் மறுபடி 80 ஆகட்டும். 97 லட்சம் டாலர் 77.6 கோடிதான். ஆன்சைட் செலவு 36 கோடி, சென்னைச் செலவு 28 கோடி போக மிச்சம் 13.6 கோடி. லாப விகிதம் 17.5 சதவீதம். ரூபாய் சரிந்து மீண்ட பிறகு, தொடங்கியதைவிடத் தாழ்ந்த இடத்தில் நிற்கிறோம்.

நான்காவது இடம்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. அது சம்பளம். ரூபாய் சரிந்தால் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறும். நம் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அப்படித்தான். அந்த விலையேற்றம் ஊழியரின் வீட்டுக்கு வந்து, அடுத்த அப்ரைசலில் அலுவலகத்துக்குத் திரும்புகிறது. நம் 28 கோடிச் செலவு 10 சதவீதம் ஏறி 30.8 கோடியானால் லாபம் 17.6 கோடி, லாப விகிதம் மீண்டும் சரியாக 20 சதவீதம். உண்மையான ஆதாயம் என்று நாம் கண்ட அந்த 2.8 கோடி முழுதும் போய்விட்டது. மிஞ்சியது அளவுகோல் மாற்றம் மட்டுமே.

விலையேற்றத்துக்குக் காத்திராமலே சம்பளம் ஏறும் காலமும் உண்டு. 2022இல் ஆள் பற்றாக்குறை உச்சத்தில் இருந்தது. இன்ஃபோசிஸ் ஜூன் காலாண்டில் அறிவித்த ஊழியர் விலகல் விகிதம் 28.4 சதவீதம். டாலர் 83ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்த அந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் இயக்க லாப விகிதம் 23இலிருந்து 21 சதவீதமாக இறங்கியது. டிசிஎஸ் நிறுவனத்துக்கு 25.3இலிருந்து 24.1 ஆனது. ரூபாய் கொடுத்ததைவிடச் சம்பளமும் துணை ஒப்பந்தக்காரர் செலவும் அதிகம் எடுத்துக்கொண்டன. டாலர் ஏறினால் லாபம் ஏறும் என்று மட்டும் கற்ற மாணவருக்கு அந்த ஆண்டின் அறிக்கை புரியாது.

ஆய்வாளர்களே, இந்தக் கணக்கு சொல்வது இதுதான். ரூபாய்ச் சரிவின் ஆதாயம் ஒரு கால இடைவெளி. டாலர் விலை ஒரு நாளில் மாறுகிறது. சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒப்பந்த விலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. இந்த மூன்று கடிகாரங்களும் ஒத்து ஓடாத காலத்தில் மிஞ்சுவதே ஆதாயம். சம்பளமும் விலையும் வந்து சேர்ந்ததும் அது முடிகிறது. ஆகவே டாலர் விலையையும் அதே காலாண்டின் லாபத்தையும் மட்டும் இணைத்துப் பார்க்கும் ஆய்வு, ஆதாயத்தின் தொடக்கத்தை அளக்கும், முடிவை அளக்காது. குறைந்தது எட்டுக் காலாண்டுகளாவது பின்தொடர வேண்டும். விலைவாசி வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு ரிசர்வ் வங்கி 40 நாணயங்களுக்கு எதிராக வெளியிடும் உண்மைச் செலாவணிக் குறியீட்டையும் டாலர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிக்கையில் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பின்கீழ் வரும் செலாவணி ஆதாயத்தைத் தனியே பிரித்தெடுங்கள். வசூலாக வேண்டிய பாக்கியின் மதிப்பு ஏறியதால் வரும் அந்தத் தொகை அடுத்த காலாண்டில் திரும்பி வராது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அந்த 2.8 கோடி, ஊழியரின் சம்பளம் டாலரோடு சேர்ந்து ஏறாததால் கிடைத்தது. அது நிறுவனத்தின் திறமைக்கு வந்த பரிசு அல்ல. இடைவெளி மூடுவதற்குள் அதைப் பயிற்சிக்கும், விலை குறைக்காமல் விற்கக்கூடிய புதிய வேலைக்கும் செலவிட்ட நிறுவனங்கள் எவை, பங்காதாயமாகவும் தள்ளுபடியாகவும் கரைத்தவை எவை என்று அளந்து காட்டும் கட்டுரையை இந்த அரங்கிலிருந்து எதிர்பார்க்கிறேன். உங்கள் அமர்வுகள் அந்தத் திசையில் செல்ல வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.