வண்ணமிட்ட வரிகளும் நம் பொறுப்பும்



இடுபணியை டர்னிட்டின் போன்ற மென்பொருளில் ஏற்றியதும் ஒப்புமை அறிக்கை ஒன்று கிடைக்கிறது. அதில் நம் கண் முதலில் தேடுவது விழுக்காட்டை. பிற நூல்களிலும் தளங்களிலும் உள்ள சொற்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையே அந்த எண் கூறும்; திருட்டு நடந்ததா என்று கூறாது. அதனை முடிவு செய்ய, வண்ணமிட்ட ஒவ்வொரு பகுதியையும் அதன் மூலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும்.

தமிழ் முரசு நாளிதழைப் பற்றிய ஓர் இடுபணியை எடுத்துக்கொள்வோம். ஒப்புமை 22 விழுக்காடு. அதில் 9 விழுக்காடு துணைநூற்பட்டியல். நூற்பெயர்கள் எவர் எழுதினும் ஒன்றாகவே இருக்கும், அதை விட்டுவிடலாம். 5 விழுக்காடு மேற்கோள்குறிக்குள் ஆசிரியர் பெயரோடு தரப்பட்ட வரிகள், அவையும் முறையானவையே. 'இக்கட்டுரையின் நோக்கம் யாதெனில்' போன்ற பொதுத் தொடர்கள் 3 விழுக்காடு. எஞ்சிய 5 விழுக்காடு ஒரே பத்தியில், ஒரே மூலத்திலிருந்து வந்துள்ளது. நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மூலத்தில், "1935இல் தோன்றிய தமிழ் முரசு, சிங்கப்பூர்த் தமிழரிடையே சீர்திருத்தச் சிந்தனையை விதைத்த முதன்மைக் கருவியாக விளங்கியது" என்றிருப்பதாகக் கொள்வோம். மாணவர், "1935இல் தொடங்கிய தமிழ் முரசு, சிங்கப்பூர்த் தமிழரிடையே சீர்திருத்த எண்ணத்தை விதைத்த முதன்மைக் கருவியாக விளங்கியது" என்று எழுதியுள்ளார். அறிக்கையில் வண்ணத்தின் நடுவே இரண்டொரு சொற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சொல்லை மாற்றி வாக்கியத்தை மாற்றாமல் விட்டதன் அடையாளம் அது. இன்னும் சில சொற்களை மாற்றினால் வண்ணம் மறையும், குறை மறையாது.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. 1935 என்னும் ஆண்டு பொதுத் தகவல். 'முதன்மைக் கருவி' என்பதோ ஒருவர் ஆராய்ந்து கண்ட முடிவு. ஆகவே மூலத்தை மூடிவைத்து, விளங்கிக்கொண்டதைத் தம் நடையில் எழுத வேண்டும்: "சீர்திருத்தக் கருத்துகள் சிங்கப்பூர்த் தமிழரைச் சென்றடைந்ததில் 1935இல் பிறந்த தமிழ் முரசுக்கே பெரும்பங்கு உண்டு என்பது இவ்வாய்வாளரின் கருத்து." நடை மாறினாலும் கருத்து அவருடையதே, எனவே அவர் பெயரும் நூலும் அங்கே குறிக்கப்பட வேண்டும்.

எப்போது மேற்கோள் தேவை? சொற்களையே நாம் ஆராயும்போது தேவை. ஒரு தலையங்கத்தின் தொனியை விளக்குகிறோம், ஒரு வரையறையை மறுக்கிறோம் என்றால் ஒரு சொல்லும் மாறாமல் தர வேண்டும். தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது மேற்கோள் வேண்டியதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆங்கிலக் கட்டுரையொன்றை மொழிபெயர்த்துத் தம்முடையதாகத் தந்தால், அறிக்கை வெள்ளையாகவே இருக்கக்கூடும். அங்கே வண்ணம் காட்டாததை, எழுதியவர் தாமே காட்டியாக வேண்டும்.