பாட்டிலைத் திருப்புங்க: பின்பக்க லேபிளில் இருக்கிற உண்மை

(எபிசோட் எழுத்து வடிவம். பேச்சு, வாசிப்புக்காக லேசாகத் திருத்தப்பட்டது.)

நசரத்பேட்டையில என் ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி பெங்களூரு ஹைவே லாரி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன்: இது குடிக்கச் சொல்ற எபிசோட் இல்ல. லேபிள் படிக்கிற எபிசோட். தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்க தகவலா மட்டும் கேட்டுக்கோங்க.

போன மாசம் எங்க சித்தப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். அண்ணன் ஒரு ஸ்காட்ச் பாட்டிலோட வந்தான். "டியூட்டி ஃப்ரீடா, தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா கிடைச்சுது, 4,500 ரூபா"ன்னு பெருமையா சொன்னான். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 750 மில்லி. கீழே பொடி எழுத்துல "பாட்டில்டு இன் இந்தியா பை"ன்னு ஆரம்பிச்சு ஒரு இந்திய முகவரி. அதுக்குக் கீழே எம்.ஆர்.பி. வேற. விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில விக்கிற பாட்டிலுக்கு இந்திய எம்.ஆர்.பி. எதுக்கு? அண்ணன் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

ஆனா அண்ணன் உடனே கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட்: "அப்போ இது டூப்ளிகேட்டா?"

அந்த லேபிள் அப்படிச் சொல்லல. இந்த ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா பிரிக்கணும்.

லேபிளோட முன்பக்கம் மார்க்கெட்டிங். பின்பக்கம் சட்டம். நம்ம பாஷையில சொன்னா பின்பக்கம் கமிட் லாக் மாதிரி: யார், எங்க, என்ன பண்ணாங்கன்னு பதிவு. அதுல வினைச்சொல்லைத் தேடுங்க. காய்ச்சினாங்களா, கலந்தாங்களா, பாட்டில்ல அடைச்சாங்களா, இறக்குமதி பண்ணாங்களா, இல்ல சும்மா மார்க்கெட்டிங் மட்டும் பண்ணாங்களா? ஒவ்வொரு வினைக்கும் பக்கத்துல ஒரு ஊர் இருக்கும். அந்த ஊர்களைச் சேர்த்தா பாட்டிலோட பயணம் தெரிஞ்சிடும்.

டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், விஏடி 69 மாதிரி நம்ம ஊர்ல விக்கிற பிளெண்டட் ஸ்காட்ச் பாட்டில்களை எடுத்துக்கோங்க. இதுல காய்ச்சுறது, ஓக் பீப்பாயில குறைஞ்சது மூணு வருஷம் வைக்கிறது, கலக்குறது எல்லாம் ஸ்காட்லாந்துல. அதுக்கப்புறம் அந்தத் திரவம் பெரிய டேங்க்ல கப்பலேறி வருது. இங்க தண்ணி சேர்த்து ஆல்கஹால் அளவைக் குறைச்சு பாட்டில்ல அடைக்கிறாங்க. பிரிட்டனோட ஸ்காட்ச் சட்டமே பிளெண்டட் ஸ்காட்சுக்கு இதை அனுமதிக்குது. அதனால இது போலி கிடையாது, ஸ்காட்ச்தான்.

எதுக்கு இப்படி? கணக்கு போட்டுப் பாருங்க. இந்தியாவுல வழக்கமான அளவு 42.8 சதவீதம். டேங்க்ல 60 சதவீதத்துல வருதுன்னு வச்சுப்போம். 60-ஐ 42.8 ஆல வகுத்தா 1.4. அதாவது ஒரு லிட்டர் வந்தா இங்க ஏறக்குறைய 1.4 லிட்டர் ஆகுது. கண்ணாடி பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி, கூட ஊத்துற தண்ணி எதுக்கும் கப்பல் கூலி இல்ல. அதைவிட முக்கியம், இறக்குமதி வரி. ரொம்ப வருஷமா அது 150 சதவீதமா இருந்தது. வரி பொருளோட மதிப்பு மேலதான். பாட்டிலா வந்தா பாட்டில், பேக்கிங் விலைக்கும் சேர்த்து வரி. டேங்க்ல வந்தா திரவத்துக்கு மட்டும். 2025 ஜூலையில கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தப்படி இந்த வரி முதல்ல 75 ஆகவும், பத்து வருஷத்துல 40 ஆகவும் குறையணும்.

இதுல ஒரு வலை இருக்கு. சில லேபிள்ல "இம்போர்ட்டட் அண்ட் பாட்டில்டு பை"ன்னு இருக்கும். "இம்போர்ட்டட்" மட்டும் கண்ணுல படும். ஆனா அங்க இறக்குமதி ஆனது திரவம், பாட்டில் இல்ல. வெளிநாட்டிலேயே அடைச்சு வந்ததுல, அந்த நாட்டு பாட்டிலர் பேர் ஒரிஜினல் லேபிள்ல இருக்கும். இந்திய இறக்குமதியாளர் பேர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், எம்.ஆர்.பி. எல்லாம் பெரும்பாலும் தனி ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். முறையா வந்து கடையில விக்கிற பாட்டில்ல அந்த விவரம் கட்டாயம் இருக்கணும். அது இல்லாத வெளிநாட்டு பாட்டிலை யாராவது விக்க வந்தா, அது முறையான வழியில கடைக்கு வரலைன்னு அர்த்தம்.

இப்போ உறுதியா பொய்யைப் பிடிக்கிற ஒரு இடம். சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விதி வேற. 2012 நவம்பர் 23-லிருந்து அதை ஸ்காட்லாந்துலயே பாட்டில்ல அடைச்சு, லேபிள் ஒட்டித்தான் வெளிய அனுப்பணும். அதனால முன்னாடி "சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்", பின்னாடி "பாட்டில்டு இன் இந்தியா"ன்னு இருந்தா ரெண்டுல ஒண்ணு தப்பு. ஆனா "ஸ்காட்ச்"ங்கிற வார்த்தை இருக்கான்னு பார்த்துட்டு சண்டைக்குப் போங்க. பெங்களூரு அம்ருத், கோவா பால் ஜான் எல்லாம் இந்திய சிங்கிள் மால்ட். இங்கேயே காய்ச்சி இங்கேயே அடைச்சது, எந்தத் தப்பும் இல்ல.

மூணாவது வகைதான் டாஸ்மாக்ல பெரும்பாலும் இருக்கிறது. "இம்போர்ட்டட் ஸ்காட்ச் மால்ட் கலந்தது"ன்னு முன்னாடி பெருசா எழுதியிருக்கும். "கலந்தது"தான் முக்கியமான வார்த்தை. மீதி இந்திய ஸ்பிரிட். பின்னாடி "மேனுஃபேக்சர்டு பை" பக்கத்துல ஒரு இந்திய ஆலை முகவரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி கலால் சட்டம் இருக்கிறதால, ஒரே பிராண்டுக்கு சென்னையில ஒரு முகவரியும் பெங்களூருல வேற முகவரியும் இருக்கலாம். "மார்க்கெட்டட் பை"ல இருக்கிற பெரிய கம்பெனி பேரைப் பார்த்து அவங்கதான் செஞ்சாங்கன்னு நினைக்காதீங்க.

பேரே ஊர் காட்டினா? பெங்களூரு கோடே நிறுவனத்தோட "பீட்டர் ஸ்காட்" 1968-லிருந்து வருது. அந்தப் பேரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்கு போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2008-ல கோடே ஜெயிச்சாங்க. முக்கியக் காரணம், 1974-லயே தெரிஞ்சும் சங்கம் 1986 வரை சும்மா இருந்தது. அதனால முன்பக்கம் ஸ்காட்லாந்தை ஞாபகப்படுத்தலாம், ஊரை உறுதிப்படுத்துறது பின்பக்கம்தான்.

ஒயினுக்கும் இதே கண்ணு வேணும். பிரெஞ்சு பாட்டில்ல "மி ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ"ன்னு இருந்தா, அந்தத் தோட்டத்துலயே அடைச்சதுன்னு அர்த்தம். வெறும் "மி ஆன் புத்தேய் பார்"னு போட்டு ஒரு கம்பெனி பேர் இருந்தா, யாரோ விளைவிச்சதை வாங்கி இவங்க அடைச்சதா இருக்கலாம். மட்டம்னு அர்த்தமில்ல. ஆனா தோட்டத்து விலை கேட்டா யோசிங்க.

சரி, அண்ணனோட பாட்டில். லேபிள் சொன்ன கதைப்படி அது இந்தியாவுல அடைச்ச பிளெண்டட் ஸ்காட்ச். டியூட்டி ஃப்ரீங்கிறது மட்டும் பச்சைப் பொய். எம்.ஆர்.பி. நாலாயிரத்துக்கு ரொம்பக் கீழ. ஆனா லேபிள் படிக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. பாட்டில் எங்க அடைக்கப்பட்டதுன்னு லேபிள் சொல்லும். அதுக்கப்புறம் யாராவது திறந்து வேற எதையாவது ஊத்தினாங்களான்னு லேபிளுக்குத் தெரியாது. ஒரு விஷயத்துல பொய் சொன்னவர் கையில இருந்து வந்த பாட்டில். மூடியோட வளையம் வேற லேசா ஆடுச்சு.

சித்தப்பா ஒரு வார்த்தை பேசல. நேரா போய் சிங்க்ல ஊத்திட்டு வந்து, "பிரியாணி ஆறுது, வாங்கடா"ன்னார்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.