நான்கு வரி மன்னிப்பு

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை தேடும் இளையவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். பெரிய விஷயம் எதுவும் பேசப்போவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிக்கு, அதாவது நாம் ஹெச்.ஆர். மேடம் என்கிறோமே, அவருக்கு மட்டும் போக வேண்டிய பதில், Reply all பொத்தானை அமுக்கியதால் எல்லோருக்கும் போய்விட்டால் என்ன எழுதுவது? அது ஒன்றுதான் என் பொருள்.

நம் கல்லூரித் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஒரு நிறுவனத்திலிருந்து சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு நேர்முகத் தேர்வு என்று 18 பேருக்கு ஒரே மின்னஞ்சல் வந்தது. பதினெட்டு முகவரிகளும் To வரிசையில் வெளிப்படையாகவே இருந்தன. இப்போது வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எத்தனை நாளில் விடுபட முடியும், உங்களைப் பற்றி விசாரிக்க இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் என்று நான்கு விவரம் கேட்டிருந்தார்கள். தம்பி புதன்கிழமை இரவு 9.40க்கு நான்கையும் எழுதி அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பதில்: "நண்பரே, இது எனக்கும் வந்திருக்கிறது."

உடனே எனக்கு போன். "அண்ணா, அனுப்பினதைத் திரும்ப எடுக்க வழி இருக்கா?"

இல்லை என்பதே பதில். ஜிமெயிலில் Undo என்று ஒன்று வருமே, அது கடிதத்தைத் திரும்பப் பெறுவது அல்ல. அனுப்பாமல் சில வினாடி பிடித்து வைப்பது. அமைப்பில் மாற்றிக்கொண்டால்கூட அதிகபட்சம் 30 வினாடி. அவுட்லுக்கில் உள்ள Recall ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களிடம்தான் பலிக்கும். வெளியாள் பெட்டிக்குப் போன கடிதம் போனதுதான். ஆகவே அந்த முயற்சியில் நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்றேன்.

"அப்ப மன்னிப்புக் கடிதம் எழுதிடறேன்" என்று பதினைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதி எனக்குக் காட்டினார். ரயிலில் வந்துகொண்டிருந்தது, கைபேசியின் சின்னப் பொத்தான்கள், "தாங்களும் எல்லா முகவரியையும் To-வில் போட்டிருந்தீர்கள்", கடைசியில் "இதனால் என் தேர்வு பாதிக்கப்படக்கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன்." மன்னிப்பு என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில்.

நானும் எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவன்தான். அந்தப் பக்கத்தில் இருப்பவர் இதை எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ கடிதம். கைபேசியில் முதல் வரிதான் தெரியும். அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம்: என்ன நடந்தது, நான் ஏதாவது செய்ய வேண்டுமா? ரயில் கதை இரண்டுக்கும் பதில் இல்லை. To பற்றிய வரி மன்னிப்பை வழக்காக்கிவிடும். மன்றாடுகிற வரிதான் எல்லாவற்றிலும் கெட்டது. அவர் நினைத்தும் பார்க்காத ஒரு சந்தேகத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பதிலுக்கு அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிறது.

"முதலில் Sent பெட்டியைத் திற. யார் யாருக்கு என்னென்ன போயிருக்கிறது, எண்ணிப் பார்" என்றேன். மற்ற 17 பேருக்கும் போயிருந்தது. போன நான்கு விவரங்களில் சம்பளமும் நாள் கணக்கும் அவருடைய சொந்த விஷயம்; வெட்கம்தான், வேறு யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த இரண்டு தொலைபேசி எண்கள்? அவை அடுத்தவர் சொத்து. ஒருவர் பழைய மேலாளர், இன்னொருவர் நம் பேராசிரியர். ஆகவே முதல் மன்னிப்பு ஹெச்.ஆருக்கு அல்ல, அந்த இருவருக்கும். அந்த நேரத்திலேயே போன் போட்டுச் சொன்னார். இருவரும், "சரிப்பா, தெரியாத நம்பர் வந்தா பார்த்துக்கறேன்" என்றார்கள்.

அடுத்தது அந்த 17 பேர். மறுபடி Reply all போட்டு மன்னிப்புக் கேட்பது நெருப்பை விசிறுவது போல. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இது நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கொண்ட ஒரு பட்டியலுக்குப் போன கடிதத்துக்கு, "என்னையும் நீக்குங்கள்" என்று பலர் எல்லோருக்கும் பதில் போட, "எல்லோருக்கும் போடாதீர்கள்" என்று வேறு பலர் அதையும் எல்லோருக்குமே போட, அஞ்சல் கணினிகள் திணறிப்போயின. பதினேழு பேருக்கு அவ்வளவு ஆகாது என்றாலும், "பரவாயில்லை" என்று பத்துப் பேர் எழுதினால் அந்த அதிகாரியின் பெட்டியில் பத்துக் கடிதம் கூடும்.

அதற்கு வழி, To-வில் தன் முகவரி, Bcc-இல் அந்த 17 பேர். Bcc-இல் இருப்பவர் Reply all அமுக்கினாலும், பதில் அனுப்பியவருக்கும் To, Cc வரிசையில் இருப்பவருக்கும்தான் போகும். இங்கே அது தம்பி ஒருவர்தான். எழுதியது ஒரே வரி: "இரவு 9.40க்கு வந்த என் கடிதத்தில் வேறு இருவரின் எண்கள் உள்ளன. தயவுசெய்து அழித்துவிடுங்கள், பதில் வேண்டாம்." சம்பளமோ எண்ணோ வெளியே போகாமல், வெறும் "வருகிறேன், நன்றி" மட்டும் போயிருந்தால் இதுவும் தேவையில்லை. ஹெச்.ஆருக்கும் தனி மன்னிப்பு வேண்டியதில்லை.

கடைசியாகத்தான் ஹெச்.ஆர். கடிதம். பழைய கடிதத்துக்குப் பதிலாக எழுதாமல், புதுக் கடிதமாகத் திறக்கச் சொன்னேன். பதற்றத்தில் விரல் மறுபடி அதே பொத்தானுக்குப் போகாது பாருங்கள். தலைப்பில் தன் பெயரும் சனிக்கிழமை நேர்முகத் தேர்வு என்பதும். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது:

"இன்றிரவு 9.40க்கு உங்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டிய பதிலை மற்ற 17 பேருக்கும் அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். அதில் குறிப்பிட்ட இருவரிடமும் சொல்லிவிட்டேன், மற்றவர்களை அழித்துவிடும்படி தனியாகக் கேட்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட விவரங்கள் அந்தக் கடிதத்தில் உள்ளபடியே சரியானவை. சனிக்கிழமை 10.30க்கு வருகிறேன்."

நான்கே வாக்கியம். முதல் வாக்கியத்தில் நடந்ததும் மன்னிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. கைபேசியில் அந்த ஒரு வரி தெரிந்தால் போதும். இரண்டாவது, நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்கிறது. மூன்றாவது இல்லாவிட்டால், "அப்போ வேறு விவரம் அனுப்புவாரா?" என்று அவர் காத்திருப்பார். நான்காவது, பேச்சை மறுபடி வேலைக்குத் திருப்பிவிடுகிறது. இதில் எதை எடுத்தாலும் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டிவரும். எதைச் சேர்த்தாலும் படிக்கும் வேலைதான் கூடும். சுருக்கம் என்பதற்கு அளவுகோல் அதுதான்.

இரவு 10.50க்குக் கடிதம் போயிற்று. மறுநாள் காலை ஒரு வரி பதில்: "குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை சந்திப்போம்."

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, இரண்டாவது தொழில்நுட்பச் சுற்றில் நின்றுவிட்டார். ஆனால் அறைக்குள் அந்த மின்னஞ்சலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முடிந்துபோன விஷயம் மறுபடி தொடங்கியிருக்கும். நான்கு மாதம் கழித்து அதே அதிகாரியிடமிருந்து வேறொரு பதவிக்கு அழைப்பு வந்தது. இந்தத் தடவை முகவரிகள் அத்தனையும் Bcc-இல் இருந்தன.