பைக்கு என்ன விலை சொல்வது?
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பினாங்கில் 2011ஆம் ஆண்டிலும் சிலாங்கூரில் 2017ஆம் ஆண்டிலும் கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கட்டணம் வந்தது. துணிப் பை தைத்துத் தரும்படி கேட்டு வரும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் விலை பேசுவது பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

"ஐந்நூறு பை, ஒரு வாரத்தில் வேண்டும், பைக்கு மூன்று வெள்ளி" என்று ஒரு முதலாளி கேட்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆயிரத்தைந்நூறு வெள்ளி என்றதும் தலையாட்டி விடாதீர்கள். முதலில் துணியைக் கணக்குப் பாருங்கள்.

60 அங்குல அகலமுள்ள காடாத் துணியில், 13½ அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள பைக்கு, தையலும் வாய் மடிப்பும் சேர்த்து 14½ அங்குல அகலம், 36 அங்குல நீளம் வெட்ட வேண்டும். கெஜத்துக்கு நான்கு பை வரும். முதலாளி "ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டுமே" என்பார். சிரித்துக்கொண்டே சரி என்று சொன்னால் கெஜத்துக்கு மூன்றுதான் வரும்! ஐந்நூறு பைக்கு 125 கெஜம், கைப்பிடிக்கு 33, பழுதுக்கு 8, ஆக 166 கெஜம். கெஜம் 6 வெள்ளியென்றால், பைக்கு 2 வெள்ளி துணிக்கே போய்விடும். நூல், ஊசி, மின்சாரம், வண்டிக் கூலிக்கு 30 காசு வையுங்கள்.

மிச்சம் 70 காசு. அதுதான் நம் கூலி.

ஒரு பையைத் தைத்து நேரம் பார்த்தால் ஏமாந்து போவோம். பத்துப் பையை வெட்டுவது முதல் நூல் கத்தரிப்பது வரை செய்து, பத்தால் வகுக்க வேண்டும். பைக்கு 12 நிமிடம் ஆகிறதென்றால், மணிக்கு ஐந்து பை, மூன்றரை வெள்ளி. 2025ல் வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மணிக்கு 8 வெள்ளி 17 காசு. அந்தக் கூலியைச் சேர்த்தால் பையின் விலை 3 வெள்ளி 93 காசு.

நாள் கணக்கும் உதைக்கிறது. ஐந்நூறு பைக்கு நூறு மணி நேரம். மூன்று பேர் மாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்பது நாளாகும்.

உடனே மறுத்துவிட வேண்டுமென்பதில்லை. நேரத்தைத் தின்பது எது என்று பாருங்கள். கைப்பிடித் துணியை நாலாக மடித்துத் தைப்பதற்கே நான்கு நிமிடம் போகிறது. அதற்குப் பதில் பைக்கு 35 காசுக்குப் பருத்தி நாடா வாங்கினால், துணியும் குறையும், நேரமும் எட்டு நிமிடமாகும். அடக்க விலை 3 வெள்ளி 31 காசு. வேலையும் ஆறு நாளில் முடியும். 3 வெள்ளி 40 காசு சொல்லுங்கள். மூன்று வெள்ளிக்கு மேல் ஒரு காசும் தரமாட்டேன் என்றால், சிறிய பைக்குப் பேசலாம். கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம்.

நாடா சேரும் இடத்தில்தான் பை கிழியும். அங்கே சதுரமாகவும் குறுக்காகவும் தைத்து, மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஓரிரவு ஆணியில் தொங்க விடுங்கள். காலையில் தையல் வாய் பிளந்திருந்தால், வாய் மடிப்புக்குள்ளேயே நாடாவை இன்னும் கீழே இறக்கித் தைக்க வேண்டும். அந்த மாதிரியில் முதலாளியின் கையெழுத்தை வாங்கி, துணிக்கும் நாடாவுக்கும் உரிய பணத்தை முன்பணமாகப் பெற்ற பிறகே கத்தரிக்கோலை எடுங்கள்.