இலை ஓரம் கருகினால் எல்லாம் நோய்தானா?
(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் தன் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். கொல்லையில் வைத்த மூன்று வயது மாங்கன்றின் இலை அது. நுனியிலிருந்து இரண்டு ஓரமும் காபித்தூள் நிறத்தில் கருகியிருந்தது. கருகிய இடத்தில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். "மூணு தடவை மருந்து அடிச்சிட்டேங்க, கேக்கவே மாட்டேங்குது. கன்னு போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும், சாம்பல் இலைக்கருகல் நோய் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மாவில் அந்தப் பூசணமும் ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும், கறுப்புப் புள்ளியும் வைக்கும். ஆனால் மூன்று முறை மருந்து அடித்தும் நிற்கவில்லை என்றாரே, அந்த ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது. "ஒரே ஒரு இலையை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இன்னும் நாலு படம் எடுத்து அனுப்புங்க" என்று கேட்டேன். அந்த நாலு படத்தை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படம், முழுக் கன்றும் தெரியும்படி, கடல் எந்தப் பக்கம் என்ற குறிப்போடு. உப்புக் காற்று அடித்த கருகல் என்றால், கடலைப் பார்த்த பக்கத்து வெளி இலைகள்தான் தீய்ந்திருக்கும். மறு பக்கமும் உள் இலைகளும் பச்சையாக இருக்கும். அன்பரின் கன்றில் நாலு பக்கமும் ஒரே மாதிரி கருகியிருந்தது. ஆகவே காற்றின் மேல் பழி போட முடியாது.

இரண்டாவது படம், ஒரே கிளையின் அடி இலையும் நுனித் தளிரும். வேர் வழியாக ஏறும் உப்பு இலைக்கு வந்து சேர்ந்து, தண்ணீர் ஆவியாகிப் போனபின் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. பழைய இலைதான் அதிக நாள் உப்பை வாங்கியிருக்கும். அதனால் அது முதலில் கருகும், தளிர் தப்பித்திருக்கும். ஆந்த்ராக்னோஸ் நோய் இதற்கு நேர் எதிர். அது இளந்தளிரைத்தான் முதலில் பிடிக்கும், மழை, பனிக் காலத்தில் அதிகமாகும். இந்தக் கன்றில் தளிர் சுத்தமாக இருந்தது.

மூன்றாவது படம், இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து எடுத்தது. நோய் என்றால் புள்ளி புள்ளியாக, ஒழுங்கில்லாமல், இலையின் நடுவிலும் விழும். பல சமயம் அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். ஓர் இலையில் இருக்கும், பக்கத்து இலையில் இருக்காது. உப்புக் கருகல் அப்படியில்லை. நுனியில் தொடங்கி இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக, சட்டைக்குக் கரை வைத்துத் தைத்தமாதிரி வரும்.

நாலாவது படம்தான் முக்கியம். அதே தண்ணீர் பாய்கிற வேறு செடி. அவர் கன்றுகளுக்குப் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில் ஒரு வாழை நின்றது. அதற்கு உரமே வைத்ததில்லையாம். அதன் பழைய இலை ஓரமும் தீய்ந்திருந்தது! மாவின் பூசணம் வாழையிலும் அதே நாளில் அதே மாதிரி வருமா? இரண்டுக்கும் பொது தண்ணீர்தான்.

"கிணத்துத் தண்ணி முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். கடலோர மணல் பூமியில் மேலே நல்ல தண்ணீர் மிதக்கும், அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும். சித்திரை வைகாசியில் மோட்டார் போட்டு மணிக்கணக்கில் இறைத்தால், மேல் தண்ணீர் தீர்ந்து அடியிலுள்ள உப்பு ஏறிவிடும். மோட்டார் போட்டதும் ஒரு பாட்டில், நிறுத்தும் முன் ஒரு பாட்டில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கச் சொன்னேன். மின்கடத்தும் திறன் முதல் பாட்டிலில் 1.2 டெசி சைமன், இரண்டாவதில் 3.4. ஒன்றரைக்குள் இருந்தால் மாவுக்குப் பெரிய கவலையில்லை. அதற்குமேல் போகப் போகக் கருகல் கூடும்.

அப்படியானால் அந்தக் கறுப்புப் புள்ளி? அது பின்னால் வந்த விருந்தாளி. உப்பால் செத்துப்போன இலைப் பகுதியில் பூசணம் வந்து குடியேறுகிறது. ஆகவே செத்த இடத்தில் புள்ளி இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு மருந்து அடித்தால் விருந்தாளி போவான், உப்பு போகாது.

இந்தத் தோட்டத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பத்துக் கன்றில் ஒன்று மட்டும் ரொம்ப மோசம். இளம் இலைகூட வாடி, பாதி இலை வரைக்கும் திடீரென்று தீய்ந்திருந்தது. விசாரித்தால், மிச்சமிருந்த யூரியாவையும் பொட்டாஷையும் மூட்டையோடு அதன் தூரில் கொட்டி, லேசாகத் தண்ணீர் விட்டாராம். இதைத்தான் உரம் சுட்டுவிட்டது என்கிறோம். உரம் சுட்டது உரம் வைத்த சில நாட்களிலேயே, வைத்த கன்றில் மட்டும் தெரியும். தண்ணீர் உப்பு எல்லாக் கன்றிலும் மெல்ல மெல்ல ஏறும். இந்த வித்தியாசம் படத்தில் தெரியாது, தேதியைக் கேட்டால்தான் தெரியும்.

இனி என்ன செய்வது? சுட்ட கன்றின் தூரில் கிடந்த உரத்தை வழித்தெடுத்துவிட்டு, முதலில் இறைக்கும் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று நாள் தாராளமாகப் பாய்ச்சச் சொன்னேன். மணல் என்பதால் உரம் கீழே இறங்கிவிடும். மற்றவற்றுக்கு, மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டாமல் கொஞ்சம் இறைத்து நிறுத்தி, ஊறியபின் மறுபடி இறைக்க வேண்டும். இலைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. தூரைச் சுற்றித் தென்னை மட்டையோ வைக்கோலோ மூடாக்குப் போட வேண்டும். ஐப்பசி மழையில் பாத்தி கட்டி நீரைத் தேக்கினால், மண்ணில் தங்கிய உப்பு கழுவிப்போகும். புதுத் தளிர் நன்றாக வரும் வரை உரமே வேண்டாம். பிறகு வைக்கும்போதும் தூரில் வைக்காமல், இலை நிழல் விழும் ஓரத்தில், இரண்டு மூன்று தவணையாக வையுங்கள். சாதாரண பொட்டாஷில் குளோரைடு இருப்பதால், உப்புத் தண்ணீர்க்காரர்கள் சல்பேட் பொட்டாஷ் வாங்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. சாம்பல் சத்துக் குறைந்தாலும் பழைய இலை ஓரம் இப்படியே கருகும். அதைப் படத்தில் பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது. தண்ணீர் நல்லது என்று பரிசோதனையில் வந்தால், மண்ணையும் இலையையும் பரிசோதித்துப் பாருங்கள்.

கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. அதனால் குணமாகிறதா என்று பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாதி பச்சை இருக்கிற இலையைக் கிள்ளியும் போடாதீர்கள், அதுதான் இப்போது கன்றுக்குச் சோறு போடுகிறது. அடுத்து வருகிற தளிர் முற்றியபின்னும் ஓரம் சுத்தமாக நின்றால், கன்று பிழைத்தது என்று பொருள்.

அந்த அன்பருக்கு மழைக்குப் பிறகு வந்த தளிர் முற்றிவிட்டது. படம் அனுப்பியிருந்தார். ஒன்பது கன்றில் ஓரம் சுத்தம். உரம் சுட்டது மட்டும் ஒரு பக்கக் கிளையை இழந்து, மறுபக்கம் துளிர்த்திருக்கிறது.