‘ம்’ என்றால் எழுதியாகிவிட்டதா?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் வளர்ந்தது திருப்பூர் மண்ணரையில். அப்பா ஒரு நிட்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். நெய்து இறங்கிய துணி ரோல்களை எடை போட்டு நோட்டில் எழுதுவார். பிறகு கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்து ஒவ்வொரு எடையாகப் படிப்பார். அந்தப் பக்கம் கணக்கர் எழுதிக்கொள்வார். அப்பா ஒவ்வொன்றைச் சொன்னதும் அவர் “ம்” என்பார். மெஷின் இரைச்சலில் அந்த ‘ம்’ மட்டும்தான் கேட்கும்.

ஒரு தடவை பத்து ரோல்களில் 24 கிலோவுக்குச் சற்று மேல் குறைகிறது என்று அலுவலகம் சொன்னது. துணி எங்கே போனது என்று அப்பாவைக் கேட்டார்கள். அந்த வாரக் கூலியிலும் பிடித்தார்கள். பத்தாம் வகுப்பில் இருந்த நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். குறைந்த எடை 24.15. எட்டாவது ரோலின் எடையும் 24.15. கணக்கர் அந்த ஒரு வரியை எழுதவே இல்லை. ‘கேட்கிறது’ என்பதற்காக அவர் சொன்ன ‘ம்’மை ‘எழுதிவிட்டேன்’ என்று அப்பா எடுத்துக்கொண்டிருந்தார்.

விமானக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பறக்கும் உயரத்தைச் சொன்னால், விமானி அந்த எண்ணைத் திரும்பச் சொல்லியாக வேண்டும். “சரி” என்று மட்டும் சொன்னால் போதாது. எட்டாம் வகுப்பில் நான் செய்துவரும் பயிற்சியும் இதுதான். இரண்டு மாணவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். ஒருவர் வரிசை எண்ணையும் எடையையும் படிப்பார். கேட்பவர் முதலில் எழுத வேண்டும், பிறகு எழுதியதைப் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தால், காகிதத்தில் வேறு எண் இருந்தாலும் தெரியாது. சொல்பவர் “எழுபத்தைந்து” என்று சொல்லியிருந்தால் கேட்டவர் “ஏழு, ஐந்து” என்று இலக்கமாகச் சொல்வார். எழுபத்தும் எண்பத்தும் போனில் ஒன்றுபோலவே விழும். ஏழும் எட்டும் அப்படி விழுவதில்லை. “புள்ளி ஐந்து” என்று யாரும் நிறுத்தக் கூடாது. “புள்ளி ஐந்து, பூஜ்ஜியம்” அல்லது “புள்ளி பூஜ்ஜியம், ஐந்து” என்று இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும்.

ஐந்து எண் முடிந்ததும் இருவரும் தனித்தனியே கூட்ட வேண்டும். கேட்டவர்தான் முதலில் தன் கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும். சொல்பவர் முந்திக்கொண்டால் மற்றவர் “எனக்கும் அதேதான்” என்று சொல்லிவிடுவார். இது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குணமா என்ன!

ஒருநாள் வேண்டுமென்றே திரும்பச் சொல்வதை நிறுத்திவிட்டு, கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடச் சொன்னேன். படிக்கப்பட்டவை 22.45, 23.10, 21.85, 22.70, 23.05. மொத்தம் 113.15. கேட்ட பையனுக்கு 113.60 வந்தது. வித்தியாசம் 0.45. தசமப் புள்ளியை மறந்தால் 45; அது 9-இன் மடங்கு. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் வரும். 45-ஐ 9-ஆல் வகுத்தால் 5. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையே 5 வித்தியாசம் உள்ள வரியைத் தேடச் சொன்னேன். அவன் பட்டியலில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று: 23.50. “மறுபடி முழுசும் படிக்க வேண்டாமா சார்?” என்றான். வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் கேள் என்றேன். 23.05 என்று பதில் வந்தது. வித்தியாசம் 9-இன் மடங்காக இருந்தாலே இலக்கம் இடம் மாறியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. எங்கே முதலில் பார்ப்பது என்பதற்கு அது ஒரு துப்பு. வித்தியாசம் ஏதாவது ஒரு வரிக்கே சமமாக இருந்தால், அந்த வரி விட்டுப்போயிருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அடுத்த ஐந்து: 21.90, 22.75, 24.15, 22.30, 23.60. இரண்டு பக்கமும் 114.70. வகுப்பு கைதட்டியது. ஒரு மாணவி மட்டும் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 22.75 என்பது 22.85 ஆகவும், 24.15 என்பது 24.05 ஆகவும் எழுதப்பட்டிருந்தன. ஒன்று 100 கிராம் கூட, மற்றது 100 கிராம் குறைவு. “மொத்தம் சரியா இருக்கே சார், அப்புறம் என்ன?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது.

அவளே பதில் சொன்னாள். அவள் அம்மா ஒரு கம்பெனியில் ரோல்களை எடை போட்டு வாங்குபவர். “எங்கம்மா ஒவ்வொரு ரோலாத்தான் தராசுல வைப்பாங்க. மூணாவது ரோலை வைக்கும்போது சீட்டுல 24.05, தராசுல 24.15 வந்தா, யாரை நம்புவாங்க?”

அன்றிலிருந்து அந்த வகுப்பில் திரும்பச் சொல்வதை யாரும் விடவில்லை. கூட்டுத்தொகைக்கு அடுத்த படியாக, ரோல்களின் எண்ணிக்கையையும் கேட்டவரே முதலில் சொல்ல வேண்டும் என்ற விதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.